சோதனை சர்வருக்குப் போகும் வாடிக்கையாளர் தரவு

ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் அன்றாடம் புழங்கும் தரவுத்தளத்தை மென்பொருள்காரர்கள் புரொடக்‌ஷன் என்பார்கள். மென்பொருளைத் திருத்தும்போது அதன் மேல் கைவைக்க முடியாது. அதற்கென டெஸ்ட் சர்வர் தனியாக இருக்கும். அதில் எந்தத் தரவை வைத்துச் சோதிப்பது என்பதுதான் சிக்கல். டெவலப்பர் தானே தட்டிவிடும் பத்துப் பதிவுகளில் பெயர்கள் ஒழுங்காக இருக்கும், தேதிகளும் சரியாக இருக்கும். அதில் நன்றாக ஓடிய மென்பொருள் நிஜ வாடிக்கையாளர்களிடம் போனதும் படுத்துவிடும். புரொடக்‌ஷனை அப்படியே நகலெடுத்து வைத்தால் சோதனை நன்றாக நடக்கும். ஆனால் லட்சக்கணக்கானவர்களின் பெயரும் செல்பேசி எண்ணும் கடன் விவரமும் காவல் குறைந்த ஒரு சர்வருக்கும், அங்கிருந்து மடிக்கணினிகளுக்கும், வெளி ஒப்பந்ததாரர்களின் கைக்கும் போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி, நகலிலிருந்து ஆட்களின் அடையாளத்தை நீக்கிவிட்டுத் தரவின் குணத்தை மட்டும் விட்டுவைப்பது.

சட்டத்தின் பார்வையிலும் இது சிறு விஷயம் அல்ல. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் அந்தச் சட்டப்படி தனிநபர் தரவுதான். அது டெஸ்ட் சர்வரில் இருக்கிறது என்பதால் விலக்கு எதுவும் இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, 2 லட்சம் வாடிக்கையாளர்கள் கொண்ட ஒரு நகைக்கடன் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் தரவுத்தளத்தில் முக்கியமாக நான்கு அட்டவணைகள். வாடிக்கையாளர் அட்டவணையில் பெயர், பிறந்த தேதி, செல்பேசி, முகவரி, பின்கோடு. கடன் அட்டவணையில் நகையின் எடை, கடன் தொகை, அடகு வைத்த நாள். வசூல் அட்டவணையில் வட்டி கட்டிய நாளும் தொகையும். நான்காவது, கிளை ஊழியர்கள் வாடிக்கையாளரைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகள். முதல் மூன்றையும் இணைப்பது வாடிக்கையாளர் எண்.

இப்படி ஒரு வேலை வந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, பெயரை அழித்துவிட்டு செல்பேசி எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் ஹாஷ் செய்துவிடலாம் என்பது. ஹாஷ் என்பது எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதைப் புரியாத ஒரு நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றித் தரும் கணக்கு. கோவையிலிருந்து பின்னோக்கிப் போய் எண்ணைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால் இது பாதுகாப்பானது போலத் தெரிகிறது. ஆனால் பின்னோக்கிப் போகத் தேவையே இல்லை. இந்தியச் செல்பேசி எண் 6 முதல் 9 வரையிலான ஓர் இலக்கத்தில் தொடங்கும், அதன்பின் ஒன்பது இலக்கங்கள். ஆக, இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே 400 கோடி. ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வீடியோ கேமுக்காக வாங்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்குப் பல நூறு கோடி ஹாஷ்களைப் போட்டுவிடும். 2 லட்சம் பேரின் எண்களும் தேநீர் ஆறுவதற்குள் வெளியே வந்துவிடும்.

இது நியூயார்க்கில் நடந்தே இருக்கிறது. அந்நகர டாக்சி நிர்வாகம் 2013-ஆம் ஆண்டின் சுமார் 17 கோடி டாக்சிப் பயணங்களின் விவரத்தை, தகவல் கேட்டு விண்ணப்பித்த ஒருவருக்குக் கொடுத்தது. வண்டியின் அனுமதி எண்ணும் ஓட்டுநரின் உரிம எண்ணும் எம்.டி.5 என்ற ஹாஷ் முறையில் மறைக்கப்பட்டிருந்தன. 2014-இல் அந்தத் தரவு இணையத்துக்கு வந்தபோது, ஒரே ஓட்டுநரின் பெயரில் மனிதரால் ஓட்டவே முடியாத அளவு பயணங்கள் இருந்தது கண்ணில் பட்டது. அந்த ஓட்டுநருக்குரிய கோவை, ‘0’ என்ற ஒற்றை எழுத்தை எம்.டி.5 செய்தால் வருவது. உரிம எண் பதிவாகாத இடங்களில் பூஜ்யம் நின்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எந்த முறையில் மறைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பதிவிலேயே வெளிப்பட்டுவிட்டது. அனுமதி எண்களுக்கும் உரிம எண்களுக்கும் குறிப்பிட்ட வடிவம் உண்டு. இரண்டிலும் சேர்த்து சாத்தியமானவை இரண்டரைக் கோடிக்கும் குறைவு. விஜய் பாண்டுரங்கன் என்ற பொறியாளர் எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு, சில மணி நேரத்துக்குள் முழுத் தரவையும் திறந்துகாட்டினார்.

ஹாஷ் கணக்கில் ஒரு ரகசியச் சாவியைச் சேர்ப்பது இதற்கு மாற்று. எச்மேக் என்று அதற்குப் பெயர். சாவி தெரியாதவர் 400 கோடி எண்களைப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் பொருந்தாது. கிடைக்கும் கோவையிலிருந்து மீண்டும் பத்து இலக்க எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம்:

```python
d = hmac.new(key, mobile.encode(), hashlib.sha256).hexdigest()
fake = "5" + str(int(d, 16) % 10**9).zfill(9)
```

ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே போலி எண் வரும் என்பதுதான் இதன் பயன். வாடிக்கையாளர் அட்டவணையிலும் எஸ்.எம்.எஸ். பதிவேட்டிலும் ஒரே செல்பேசி எண் இருந்தால், மாற்றிய பிறகும் இரண்டிலும் ஒரே எண்ணாகவே இருக்கும். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பு அறுந்துபோகாது. வாடிக்கையாளர் எண்ணையும் இதே வழியில் மாற்ற வேண்டும். அது உள் எண்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அடகு ரசீதில் அச்சாகி வாடிக்கையாளரின் பீரோவில் இருக்கும் எண்ணும் அதுதான்.

தொடக்கத்தில் 5 போட்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் செல்பேசி எண்கள் ஐந்தில் தொடங்குவதில்லை. எனவே சோதனையின்போது தவறிப்போய் ஒரு குறுஞ்செய்தி கிளம்பினாலும் அது யாருக்கும் போய்ச் சேராது. மென்பொருளே ஐந்தில் தொடங்கும் எண்ணை ஏற்க மறுத்தால், டெஸ்ட் சர்வரில் மட்டும் அந்தச் சரிபார்ப்பைத் தளர்த்தலாம். இல்லாவிட்டால் 6 முதல் 9-க்குள்ளேயே போலி எண்ணை உருவாக்கி, டெஸ்ட் சர்வரிலிருந்து குறுஞ்செய்தி வெளியே போகும் வழியை அடியோடு அடைக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் போலி எண் வேறு யாரோ ஒருவரின் நிஜ எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆதாருக்கும் இதே தந்திரம் பொருந்தும்: உண்மையான ஆதார் எண் 0-இலோ 1-இலோ தொடங்குவதில்லை. மின்னஞ்சலுக்கு இன்னும் எளிது. `example.com` என்ற முகவரி இப்படிப்பட்ட தேவைக்காகவே 1999 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மேலே உள்ள இரண்டு வரியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. போலி எண்ணுக்கு ஒன்பது இலக்கம்தான் இடம், அதாவது 100 கோடி வாய்ப்புகள். 2 லட்சம் வாடிக்கையாளர்களை அதில் தூவினால் மோதல் வராது என்றுதான் தோன்றும். ஆனால் 2 லட்சம் பேரில் அமையக்கூடிய ஜோடிகள் சுமார் 2,000 கோடி. அதை 100 கோடியால் வகுத்தால், ஏறக்குறைய 20 ஜோடிகளுக்கு ஒரே போலி எண் விழும். ஓர் எண் ஒருவருக்கே என்ற விதி தரவுத்தளத்தில் இருந்தால், நகல் ஏற்றும் வேலை நள்ளிரவில் பாதியில் நின்றுபோகும். ஏற்கெனவே கொடுத்த எண் மீண்டும் வந்தால் வேறொன்றைப் போடும்படி செய்வது ஒரு வழி. வடிவம் காக்கும் மறையாக்கம் இன்னொரு வழி. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2016-இல் வெளியிட்ட எஃப்.எஃப்.1 முறை இந்த வகை. பத்து இலக்கம் போட்டால் பத்து இலக்கமே வரும். இரண்டு எண்கள் ஒரே எண்ணாக மாறவும் மாறாது.

சாவியை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அது எங்கேயாவது பத்திரமாக இருக்கும்வரை, வைத்திருப்பவர் நினைத்தால் ஆட்களை மீண்டும் கண்டுபிடிக்கலாம். ஐரோப்பியச் சட்டம் அப்படிப்பட்ட நகலைத் தனிநபர் தரவாகவே கருதுகிறது. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் புதிய சாவி உருவாக்கி, வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவது நல்லது.

அடுத்தது பெயர். வெளிநாட்டுக் கருவிகள் தரும் போலிப் பெயர்ப் பட்டியல் இங்கே பெரிதாக உதவாது. ஜான் ஸ்மித் என்ற பெயரில் முதற்பெயரும் குடும்பப்பெயரும் இருக்கும். அடகு வைக்க வரும் செல்விக்கு இருப்பது ஓர் எழுத்து இனிஷியல். ஒரு கிளையில் அது முன்னால் வரும், இன்னொரு கிளையில் பின்னால் வரும். சில இடங்களில் புள்ளி இருக்கும், சில இடங்களில் இருக்காது. குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சில படிவங்கள் சேமிக்கவே மறுக்கும். தமிழில் பதிந்த பெயர்களில் இன்னும் நுட்பமான தொல்லை உண்டு. ‘கௌரி’யின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: க-வோடு ஔகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் அதன் வலப்பக்கக் குறியையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான் நிஜத் தரவு வேண்டும் என்று டெவலப்பர்கள் கேட்கிறார்கள். எனவே போலிப் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும்போது, மூலத்தில் எத்தனை பேருக்கு இனிஷியல் முன்னால், எத்தனை பேருக்குப் பின்னால், எத்தனை பெயர் தமிழில், அதில் எத்தனை எந்த வகைக் குறியீட்டில் என்று எண்ணிப் பார்த்து, அதே விகிதத்தில் கலந்து வைக்க வேண்டும். இருக்கும் பெயர்களையே ஆள் மாற்றிக் குலுக்கிப்போடுவது சோம்பேறித்தனமான வழி. அபூர்வமான பெயர் கொண்டவர் அந்தக் கடைக்கு வந்தவர் என்பது அப்போதும் தெரிந்துவிடும்.

பெயரும் எண்ணும் போன பிறகு மிஞ்சியிருப்பவைதான் பலரும் கவனிக்காமல் விடுபவை: பிறந்த தேதி, பின்கோடு, பாலினம். தனித்தனியே இவை யாரையும் காட்டிக்கொடுக்காது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர், முகவரி நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. இதனால் யாருக்கும் பாதகமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியளித்தார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களில் மூவர் ஆண்கள். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர் மட்டுமே. ஆளுநரின் மருத்துவப் பதிவு அவர் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே தனித்துச் சுட்டிவிடலாம் என்று பின்னர் அவர் கணக்கிட்டார்.

நகைக்கடன் நிறுவனத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பிறந்த தேதியில் ஆண்டை மட்டும் விட்டுவிட்டு நாளையும் மாதத்தையும் மாற்றலாம். மூத்த குடிமக்களுக்கான சலுகையைச் சோதிக்க ஆண்டு போதும். பின்கோட்டில் முதல் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு, அதே வட்டாரத்தின் வேறொரு பின்கோட்டைப் போடலாம். மாற்றிய பிறகு, தனித்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று தரவுத்தளத்தையே கேட்டுப் பார்க்கலாம்:

```sql
SELECT pin_prefix, birth_year, gender, COUNT(*)
FROM customers_masked
GROUP BY pin_prefix, birth_year, gender
HAVING COUNT(*) < 5;
```

ஐந்து பேருக்குக் குறைவான குழு எதுவும் வரக்கூடாது. வந்தால் அந்தப் பதிவுகளைக் கைவிடலாம், அல்லது பிறந்த ஆண்டை ஐந்தாண்டு அடுக்குகளாக்கலாம். ஐந்து என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்தான். வட்டாரம் சிறியதானால் பத்து வைப்பதே நல்லது. பின்கோடும் வயதும் கலந்த குழுவுக்குள் ஒளிந்துகொள்ள முடியாதவர்களும் உண்டு. ஊரிலேயே மிகப் பெரிய கடன் வாங்கியவரைத் தொகையை வைத்தே கிளை ஊழியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட உச்சத் தொகைகளை ஒரு வரம்புக்கு மேல் வெட்டிவிடுவதே வழி.

தொகையையும் தேதியையும் மாற்றும்போது அவற்றுக்குள் இருக்கும் உறவு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகையின் மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு. தொகையை மட்டும் கூட்டிக் குறைத்தால் பாதிக் கடன்கள் வரம்பை மீறி நிற்கும். மென்பொருள் பிழை காட்டும், டெவலப்பர் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். எடை, கடன், வட்டி மூன்றையும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே மடங்கால் பெருக்கினால் விகிதம் அப்படியே நிற்கும். தேதிகளுக்கும் அப்படியே: ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தினால், அடகு வைத்த நாளுக்கும் மீட்ட நாளுக்கும் இடையிலான இடைவெளி மாறாது. ஏழின் மடங்காக நகர்த்தினால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிறாகவே இருக்கும். ஆனால் மார்ச் 31-உம் பிப்ரவரி 29-உம் இடம்பெயர்ந்துவிடும். நிதியாண்டு முடிவு, லீப் ஆண்டு வட்டி போன்றவற்றை நகலில் தேடுவதைவிட, அவற்றுக்கெனப் போலிப் பதிவுகளைக் கையால் எழுதிச் சேர்ப்பதே சரி.

நான்காவது அட்டவணைதான் உண்மையில் ஆபத்தானது. “கணவர் துபாயில். தம்பி ராஜா வந்து வட்டி கட்டுவார், கோவில் பக்கத்து மளிகைக்கடை. வீட்டுக்கு போன் பண்ண வேண்டாம்” என்பது போன்ற வரிகள் அதில் இருக்கும். பெயரும் எண்ணும் இருக்கும் இடங்களை நிரலால் தேடி அழிப்பது சிறு பங்கைத்தான் பிடிக்கும். “ஒன்பது எட்டு நாலு” என்று சொல்லில் எழுதிய எண்ணையும், மளிகைக்கடையையும் எந்த நிரலாலும் நம்பிப் பிடிக்க முடியாது. எனவே சுத்தம் செய்ய முயலாமல், அதே நீளத்தில், அதே மொழியில், அதே அளவு வரிமுறிவும் மேற்கோள் குறியும் கொண்ட போலி வாசகத்தை முழுமையாகப் போட்டுவிட வேண்டும். டெவலப்பருக்குக் குறிப்பின் உள்ளடக்கம் தேவைப்படுவதில்லை. கட்டத்தில் அடங்குமா, தேடலில் வருமா என்பதுதான் தேவை. ஸ்கேன் செய்த ஆதார் நகல், புகைப்படம், கடன் தரவரிசை நிறுவனம் அனுப்பிய முழுப் பதில், யார் எதை மாற்றினார் என்ற தணிக்கைப் பதிவு ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். தணிக்கைப் பதிவில் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எனவே எதை மறைப்பது என்று பட்டியல் போடாமல், எது நகலுக்குப் போகலாம் என்று பட்டியல் போடுவதே பாதுகாப்பு. அடுத்த மாதம் யாராவது ‘நாமினி பெயர்’ என்ற புதிய பத்தியைச் சேர்த்தால், மறைப்புப் பட்டியல் அதைக் கண்டுகொள்ளாமல் வெளியே விட்டுவிடும். அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத பத்தி தானாகவே வெறுமையாகப் போகும். டெவலப்பர் வந்து கேட்கும்போது யோசித்து முடிவு செய்துகொள்ளலாம்.

வேலை எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். நகலை டெஸ்ட் சர்வருக்குக் கொண்டுபோய் அங்கே மாற்றினால், மாற்றி முடியும்வரை நிஜத் தரவு அங்கே கிடக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது பேக்கப் எடுத்துவிட்டால் அதிலும் கிடக்கும். மாற்றம் புரொடக்‌ஷன் வட்டத்துக்குள் உள்ள ஓர் இடைநிலை சர்வரில் நடந்து, முடிந்தது மட்டுமே வெளியே வர வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய பதிவு உடனே அழிவதில்லை. திருத்தியது புதிய வரிசையாக எழுதப்படும், பழையது சுத்திகரிப்பு நடக்கும்வரை கோப்புக்குள்ளேயே இருக்கும். இடைநிலை சர்வரின் கோப்புகளை அப்படியே டெஸ்ட் சர்வருக்கு நகலெடுத்தால் அழித்த பெயர்களும் கூடவே போகும். `pg_dump` கட்டளையால் தரவை மட்டும் எடுத்து, புதிய தரவுத்தளத்தில் ஏற்றினால் அது நிகழாது.

வெளியே அனுப்பும் முன் சரிபார்க்க எளிய உத்தி ஒன்று உண்டு. புரொடக்‌ஷனில் எங்கும் தற்செயலாக வராத பெயரும் எண்ணும் முகவரியும் கொண்ட ஒரு கற்பனை வாடிக்கையாளரை முன்பே சேர்த்து, அவர் பெயரில் ஒரு கடனையும் ஒரு குறிப்பையும் போட்டுவைக்க வேண்டும். நகல் தயாரானதும் முழுக் கோப்பிலும் அந்த வார்த்தைகளைத் தேடிப் பார்க்கலாம். எங்காவது ஒன்று அகப்பட்டால், அந்தப் பத்தி யாருடைய பட்டியலிலும் இல்லாமல் தப்பித்து வந்திருக்கிறது என்று பொருள். கூடவே, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறாரா, மொத்தக் கடன்களின் எண்ணிக்கை மூலத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இது பாதுகாப்புக்காக அல்ல, நகல் சோதனைக்கு உதவுமா என்று தெரிந்துகொள்ள.

இவ்வளவு செய்தும் ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் கணக்கில் மட்டும் வரும் பிழையை நகலில் மீட்டெடுக்க முடியாமல் போகலாம். அந்தப் பிழைக்குக் காரணமான தேதியோ எழுத்தோ மாற்றத்தில் மறைந்திருக்கும். அப்போது நிஜப் பதிவை டெஸ்ட் சர்வருக்குக் கேட்பது தவறு. புரொடக்‌ஷனைப் பார்க்க அனுமதி உள்ள ஒருவர் அங்கேயே அந்தப் பதிவைப் பார்த்து, எந்த அம்சம் பிழையைக் கிளப்புகிறது என்று கண்டறிய வேண்டும். பெயரில் இரண்டு இடைவெளி, மீட்ட நாள் அடகு நாளுக்கு முந்தைய நாள் என்று ஏதாவது ஒன்று அகப்படும். அந்த அம்சத்தை மட்டும் கொண்ட போலிப் பதிவு ஒன்றை எழுதி டெவலப்பரிடம் கொடுத்தால் போதும். அது நிரந்தரச் சோதனைப் பதிவுகளோடு சேர்ந்து, அடுத்த நகல் எடுக்கும்போதும் உடன் வரும்.